பேக்கப் நடக்காத இரவும் மறுநாள் எழுதும் குறிப்பும்

அலுவலகச் சர்வரில் உள்ள கணக்கு, பில், கடிதம் ஆகியவற்றின் நகலை இரவுதோறும் வேறொரு பெட்டிக்கு அனுப்பிவைப்பதுதான் பேக்கப். நேரம் குறித்துவிட்டால் ஆள் இல்லாமலே அது ஓடும். நகலை வாங்கிக்கொள்ளும் பெட்டி ஒருநாள் அணைந்து கிடந்தால் அன்றைய பேக்கப் நடக்காது. அப்படி நடக்காமல் போனதைப் பற்றி மறுநாள் எழுதிவைக்கும் ஒரு பக்க ஆவணமே சம்பவக் குறிப்பு. "சேமிப்புப் பெட்டி அணைந்திருந்தது, இப்போது சரியாகிவிட்டது" என்ற ஒற்றை வரியோடு பல இடங்களில் இது முடிந்துவிடுகிறது. பெட்டி அணைந்ததால் சர்வருக்குள் என்ன ஆனது, அது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்ற இரண்டையும் அந்த வரி சொல்வதில்லை.

மருந்து மொத்த விற்பனை செய்யும் ஒரு அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே ஒரு லினக்ஸ் சர்வர். அதன் பக்கத்தில், நெட்வொர்க் வழியாக இணைந்த, நாஸ் எனப்படும் சேமிப்புப் பெட்டி. அந்தப் பெட்டி சர்வருக்குள் `/mnt/backup` என்ற ஃபோல்டராகத் தெரியும்படி இணைக்கப்பட்டிருக்கிறது. இதை மவுன்ட் செய்தல் என்பார்கள். இரவு 1:30 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுந்து, `rsync` என்ற நிரலால் கோப்புகளை அந்த ஃபோல்டருக்கு நகலெடுக்கும். மொத்தம் 180 ஜிபி தரவு. ஆனால் முந்தைய நகல் பெட்டியிலேயே இருப்பதால், அன்று மாறிய கோப்புகள் மட்டுமே போகும். தினமும் இரண்டு மூன்று ஜிபிதான். பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை.

ஞாயிறு மதியம் மின்சாரம் போகிறது. யுபிஎஸ் தீரும்வரை தாங்கிய சர்வர் அணைகிறது. மின்சாரம் வந்ததும் தானே எழுகிறது. நாஸ் எழவில்லை. மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி அதில் ஒரு அமைப்பு உண்டு. வாங்கிய நாளில் அதை யாரும் இயக்கவில்லை. சர்வர் எழும்போது நாஸைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. ஆனாலும் நிற்காமல் தொடர்கிறது, ஏனென்றால் அதன் `/etc/fstab` கோப்பில் அந்த இணைப்புக்கு `nofail` என்று எழுதியிருக்கிறது. நாஸ் இல்லாவிட்டாலும் அலுவலகம் இயங்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் போட்ட சொல் அது. போட்டது சரியே. அதன் விளைவை ஸ்கிரிப்ட் எழுதியவர் கணக்கில் எடுக்காததுதான் சிக்கல்.

நாஸ் இணையாவிட்டாலும் `/mnt/backup` என்ற ஃபோல்டர் மறைந்துவிடாது. அது சர்வரின் சொந்த டிஸ்க்கில் உள்ள ஒரு வெற்று ஃபோல்டர். இணைப்பு இருக்கும்போது நாஸின் உள்ளடக்கம் அதன் வழியாகத் தெரியும், அவ்வளவுதான். இணைப்பு இல்லாத இரவில் `rsync` அந்த வெற்று ஃபோல்டரைப் பார்க்கிறது. முந்தைய நகல் எதுவும் இல்லை, ஆகவே 180 ஜிபியையும் முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறது. சர்வரின் டிஸ்க்கில் காலியாக இருந்தது 40 ஜிபி. 1:52-க்கு அது நிரம்பிவிடுகிறது. லாக் கோப்பின் கடைசியில் இப்படி விழுகிறது:

```
write failed: No space left on device (28)
rsync error: error in file IO (code 11)
```

பேக்கப் தோற்றது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், டிஸ்க் நிரம்பியதால் தரவுத்தளம் புதிய பதிவை ஏற்க முடியாமல் நின்றுபோனது. திங்கள் காலை 9 மணிக்குக் கடை திறந்து முதல் பில் போட்டபோது, அது சேமிக்கப்படவில்லை. தரவைக் காக்க வைத்த ஏற்பாடே அன்று அலுவலகத்தை நிறுத்தியது.

இதே கோளாறுக்கு வேறொரு முகமும் உண்டு. சர்வர் அணையாமல், இணைப்பு இருக்கும்போதே நாஸ் மட்டும் அணைந்தால் கதை மாறும். என்எஃப்எஸ் முறையில் இணைத்திருந்தால், வழக்கமான அமைப்பில் சர்வர் பிழை சொல்லாது; நாஸ் திரும்பி வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். ஸ்கிரிப்ட் தோற்பதுமில்லை, முடிவதுமில்லை. லாக்கில் தொடங்கிய வரி இருக்கும், முடிந்த வரி இருக்காது. `ps` கட்டளையில் அந்த வேலையின் நிலை `D` என்று காட்டும். கெர்னல் பதிவில் "not responding, still trying" என்ற வரி கிடைக்கும். அடுத்த இரவு இன்னொரு ஸ்கிரிப்ட் கிளம்பி அதுவும் அங்கேயே சிக்கும். ஆகவே, "பேக்கப் தோல்வி" என்று குறிப்பில் எழுதுமுன் எந்த வகைத் தோல்வி என்று பார்த்தாக வேண்டும். இரண்டுக்கும் தீர்வு வேறு.

எடுத்துக்காட்டுக்குத் திரும்பினால், திங்கள் 9:10-க்குப் பொறுப்பாளர் `df -h` போட்டுப் பார்க்கிறார்: டிஸ்க் 100 சதவீதம். `findmnt /mnt/backup` போட்டால் பதிலே இல்லை. இணைப்பு இல்லை என்பதற்கு அதுவே சான்று. இந்த இடத்தில் வரிசை மிக முக்கியம். இயல்பாக எவருக்கும் முதலில் நாஸை இயக்கத்தான் கை போகும். இயக்கி இணைத்துவிட்டால், இரவு தவறாக எழுதப்பட்ட 40 ஜிபி, விரித்த பாய்க்கு அடியில் கிடக்கும் காகிதம்போல் மறைந்துவிடும். டிஸ்க் நிரம்பியே இருக்கும். `du` வைத்து எங்கே தேடினாலும் அந்த 40 ஜிபி அகப்படாது. அதைவிட ஆபத்து, "தவறாக எழுதியதை அழிப்போம்" என்று அப்போது `/mnt/backup`-ஐக் காலி செய்தால், அழிவது நாஸில் இருக்கும் உண்மையான பழைய நகல்கள். ஒரு இரவு பேக்கப் தவறிய சிறு சம்பவம், நகலே இல்லாத பெரும் சம்பவமாக மாறும் இடம் இதுதான்.

சரியான வரிசை: இணைப்பு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, உள்ளூர் டிஸ்க்கில் விழுந்ததை அழித்து, அதன் பிறகே நாஸை இயக்கி இணைப்பது. ஏற்கெனவே இணைத்தாகிவிட்டது என்றால், அடியில் இருப்பதைப் பார்க்க ஒரு பக்கவழி உண்டு:

```
mkdir /tmp/adi
mount --bind / /tmp/adi
du -sh /tmp/adi/mnt/backup
```

இந்தப் பாதையில் தெரிவது சர்வரின் சொந்த டிஸ்க் மட்டுமே; நாஸ் இதில் வராது. அந்த 40 ஜிபியை இங்கிருந்து அழிக்கலாம்.

நமது பொறுப்பாளர் முறைப்படி செய்கிறார். 9:25-க்கு இடம் கிடைத்துத் தரவுத்தளம் எழுகிறது. 9:35-க்கு நாஸ் இயங்குகிறது. 9:45-க்குக் கையால் தொடங்கிய பேக்கப் 9:57-க்கு முடிகிறது.

இனி குறிப்பு. அதில் முதலில் வரவேண்டியது தோல்வி நடந்த நேரம் அன்று. கடைசியாக நம்பத்தக்க நகல் எப்போது எடுக்கப்பட்டது, அடுத்தது எப்போது கிடைத்தது என்பதே முதல் வரி. இங்கே முந்தையது ஞாயிறு 1:30, பிந்தையது திங்கள் 9:57. இடையில் சுமார் முப்பத்திரண்டரை மணி நேரம் சர்வரின் டிஸ்க் பழுதாகியிருந்தால், அதற்குள் நடந்த எதையும் மீட்டிருக்க முடியாது. ஞாயிறு விடுமுறை என்பதால் அந்த இடைவெளியில் சேர்ந்த பதிவுகள் மிகக் குறைவு. இது அதிர்ஷ்டம், குறிப்பில் அதையும் எழுத வேண்டும். வேலை நாளில் நடந்திருந்தால் ஒரு முழுநாள் விற்பனையே போயிருக்கும் என்பதை நிர்வாகம் அறிய வேறு வழியில்லை. அந்தக் குறிப்பின் தொடக்கம் இப்படி அமையலாம்:

> திங்கள் அதிகாலை 1:30 பேக்கப் நடக்கவில்லை. ஞாயிறு 1:30 முதல் திங்கள் 9:57 வரையிலான மாற்றங்களுக்கு நகல் இருக்கவில்லை. தரவு எதுவும் இழக்கப்படவில்லை. சர்வர் டிஸ்க் நிரம்பியதால் 9:00 முதல் 9:25 வரை பில் போட முடியவில்லை. அந்த நேர விற்பனை காகிதத்தில் எழுதப்பட்டுப் பின்னர் ஏற்றப்பட்டது.

அடுத்து நிகழ்வுகள் நேரவாரியாக. அதில் ஊகம் கலக்கக் கூடாது. சர்வர் எழுந்த நேரத்தை `last reboot` காட்டும், பேக்கப் நின்ற நேரத்தை லாக் காட்டும். நாஸ் எப்போது அணைந்தது என்பதற்கு அதன் சொந்தப் பதிவே ஆதாரம். "யாரோ ஒயரைப் பிடுங்கியிருக்கலாம்" போன்ற வரிகளுக்கு இங்கே இடமில்லை.

காரணம் எழுதும் பகுதியில்தான் குறிப்பின் தரம் தெரியும். நாஸ் அணைந்திருந்தது என்பது தூண்டுதல் மட்டுமே. பெட்டிகள் அணையத்தான் செய்யும். பெட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியது ஒரு காரணம். 1:52-க்குத் தோற்றது 9:10 வரை எவருக்கும் எட்டாதது இன்னொன்று. முதலாவதைத் தடுக்க ஸ்கிரிப்டின் தலையில் சில வரிகள் போதும்:

```
if ! mountpoint -q /mnt/backup; then
  echo "backup target not mounted" >&2
  exit 1
fi
```

இதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. நாஸ் இணையாத நிலையில் அந்த வெற்று ஃபோல்டருக்கு `chattr +i` கொடுத்துவிட்டால், ரூட் கணக்கால்கூட அதில் எழுத முடியாது. நாஸ் இணைந்ததும் எழுதுவது வழக்கம்போல் நடக்கும்.

இரண்டாவது காரணம் கடினமானது. அந்த ஸ்கிரிப்டின் கடைசி வரி "முடிந்தது" என்று அச்சிடும் ஒரு `echo`. ஷெல் ஸ்கிரிப்ட், தனியே சொல்லாவிட்டால், தன் கடைசிக் கட்டளையின் முடிவையே தன் முடிவாகத் திருப்பித் தரும். `rsync` 11 என்ற பிழை எண்ணோடு விழுந்தும், `echo` வெற்றிபெற்றதால் மொத்த வேலையும் வெற்றி என்று பதிவானது. தோல்வி அஞ்சல் அனுப்பும் ஏற்பாடு இருந்தும் அஞ்சல் போகவில்லை. அஞ்சலை மட்டும் நம்புவதன் எல்லையை 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்தது காட்டியது. முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டபின் பேக்கப்பைத் தேடினால், அங்கே ஒன்றுமில்லை. நகலெடுக்கும் நிரலின் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வி அஞ்சல்கள் முறையாகக் கையொப்பமிடப்படாததால் பெறும் சர்வர் அவற்றை மறுத்துக்கொண்டிருந்தது. வேறு காரணத்துக்காக எடுத்திருந்த, சுமார் 6 மணி நேரம் பழைய பிரதியிலிருந்து அவர்கள் மீண்டார்கள். நடந்ததை அந்த நிறுவனமே முழுமையாக வெளியிட்டது பாராட்டத்தக்கது.

ஆகவே, தோற்றால் சொல் என்று ஸ்கிரிப்டிடம் கேட்பதைவிட, வெற்றிச் செய்தி வராவிட்டால் எச்சரி என்று இன்னொரு கருவியிடம் ஒப்படைப்பதே உறுதி. பேக்கப் முடிந்ததும் ஒரு செய்தி போக வேண்டும். 2:30-க்குள் அது வராவிட்டால் பொறுப்பாளரின் கைபேசி ஒலிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் தோற்றாலும், தொங்கினாலும், சர்வரே அணைந்தாலும் இது வேலை செய்யும்.

குறிப்பின் கடைசிப் பகுதி செய்யவேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி: நாஸை யுபிஎஸ்ஸில் இணைப்பது, தானாக எழும் அமைப்பை இயக்குவது, ஸ்கிரிப்டைத் திருத்துவது, எச்சரிக்கையை அமைப்பது. இவை எழுதப்பட்டதோடு சம்பவத்தை முடித்துவிடக் கூடாது. புதிய நகலிலிருந்து ஒரு கோப்பையாவது வேறிடத்தில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு ஒருநாள் வேண்டுமென்றே நாஸை அணைத்து, பேக்கப் எழுதாமல் நிற்கிறதா, எச்சரிக்கை வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அந்த இரண்டு சோதனைகளின் முடிவும் தேதியோடு சேர்க்கப்பட்ட பிறகே குறிப்பில் "முடிந்தது" என்று எழுதலாம்.