8 வினாடிப் பேச்சுக்கு 1 ரூபாய்!

"சரக்கு ஏத்தியாச்சு அண்ணே!"

மதுரை கீழமாசி வீதி மளிகை மண்டியிலிருந்து திருமங்கலம் கடைக்கு செல்போனில் போன சேதி இது. பேச்சு 8 வினாடிதான். நிமிடத்துக்கு 1 ரூபாய் என்ற கணக்கில் முழு ரூபாயும் காலி! 61 வினாடி பேசினால் 2 நிமிடம் என்று 2 ரூபாய் பிடித்துவிடுவார்கள்.

2009-ல் 'வினாடிக்கு 1 காசு' என்று தமிழ்நாட்டில் இறங்கியது டாடா டோகோமோ. அதே 8 வினாடிக்கு 8 காசு. 61 வினாடிக்கு 61 காசு! மற்ற பெரிய கம்பெனிகளும் அந்த ஆண்டே வழிக்கு வந்தன.

ஆனால், நிமிடத்துக்கு 50 காசு என்றால் கதை வேறு. முழுசாக 2 நிமிடம் பேச 1 ரூபாய்தான். வினாடிக் கணக்கிலோ 1 ரூபாய் 20 காசு! அங்கேயும் 8 வினாடிக்காரருக்கு வினாடிக் கணக்கே லாபம்.

அளவில்லாமல் பேசும் மாதத் திட்டம் போட்டவருக்கு இன்று இந்தத் தலைவலி இல்லை.