அட்லஸில் உங்க ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கு?

"அரூரைக் கண்டுபிடிங்க பார்ப்போம்." தருமபுரி மாவட்டத்தில் வாசகர்களிடம் பேசிய நூலகர் ஒருவர், ஆங்கில அட்லஸ் ஒன்றைக் கொடுத்து இப்படித்தான் தொடங்கினார். எல்லோரும் வரைபடங்களைப் புரட்டினார்கள். "படம் அப்புறம். முதல்ல கடைசிப் பக்கங்களுக்குப் போங்க" என்றார் அவர்.

அங்கே இருப்பது ஊர்ப்பெயர் அட்டவணை. அதிலும் 'ஏ' வரிசையில் அரூர் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் 'எச்' எழுத்தில்தான் தொடங்கும். ஒகேனக்கல்லும் அப்படித்தான். பாலக்கோட்டின் ஆங்கிலப் பெயரில் 'கே' வராமல் 'சி' வரும். ஊர் கிடைக்கலைன்னா, பஸ் பலகையிலும் அரசு ஆவணத்திலும் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தால், பக்கத்தில் உள்ள மாநிலம், மாவட்டத்தை வைத்துப் பிரித்தறியலாம். அட்லஸ் அச்சான ஆண்டையும் கவனியுங்கள். 1965-க்கு முந்தைய புத்தகத்தில் தருமபுரி, சேலம் மாவட்டத்தில் இருக்கும். 2004-க்கு முந்தையதில் ஓசூர், தருமபுரி மாவட்டத்தில் இருக்கும்.

பெயருக்கு எதிரே '24 சி4' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 என்பது பக்க எண். அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் 'சி' எழுத்தையும், பக்கவாட்டில் 4-ஐயும் தேடுங்கள். ஒரு விரலை 'சி'யிலிருந்து கீழேயும், இன்னொரு விரலை 4-லிருந்து குறுக்கேயும் நகர்த்துங்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்துக்குள் மட்டும் தேடினால் போதும். சில அட்லஸ்களில் எழுத்து பக்கவாட்டிலும் எண் மேலேயும் இருக்கும்.

சில அட்டவணைகளில் கட்டத்துக்குப் பதில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். அரூர் ஏறக்குறைய 12°03' வடக்கு, 78°29' கிழக்கு. இதை செல்போன் மேப்பில் 12.03, 78.29 என்று அடித்தால், அரூருக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தள்ளிப் போய் நிற்கும்! "புள்ளிக்கு அப்புறம் வர்றது நிமிஷம் இல்லீங்க" என்று நூலகர் விளக்கினார். ஒரு பாகைக்கு 60 நிமிடம். அதனால் நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். 3-ஐ வகுத்தால் 0.05, 29-ஐ வகுத்தால் 0.483. ஆகவே அடிக்க வேண்டியது இதுதான்:

```
12.05, 78.483
```

ஒரு நிமிடம் என்பது தரையில் சுமார் 1.8 கி.மீ. எனவே இது ஊர்ப்பகுதியைக் காட்டும், வீட்டைக் காட்டாது. சின்னக் குக்கிராமங்கள் பொது அட்லஸில் இருக்கவும் இருக்காது. அப்போது பக்கத்துப் பெரிய ஊரின் கட்டத்தைப் பிடித்து, அங்கிருந்து செல்போன் மேப்பைப் பெரிதாக்கித் தேடுங்கள்.

ஒன்றை மறக்காதீங்க: இணையத்தில் பட்டா பார்க்கும்போது கேட்கப்படுவது மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம். மேப்பில் தெரியும் குக்கிராமத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அது எந்த வருவாய்க் கிராமத்தில் சேர்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.