கணக்குப்பிள்ளையின் கண்ணும் சிஎஸ்வி கோப்பும்

மளிகைக் கடைக்கு நான் முதன்முதலாக பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுத்தது 2001-ல். பொருள் பட்டியலை ஏற்றவே பதினோரு நாள் பிடித்தது. கணக்குப்பிள்ளை நோட்டைப் பார்த்து ஒவ்வொரு சரக்காக வாசிப்பார், நான் தட்டுவேன். சுமார் தொள்ளாயிரம் சரக்கு. நடுநடுவே அவர் குரல் நிற்கும். “தம்பி, இது முந்தாநாளே போட்டாச்சு. அங்கே ‘உளுந்தம் பருப்பு’ன்னு இருக்கும், பாருங்க” என்பார். “இந்த விலை சரியில்லையே, வாங்கின விலைக்கும் கீழே இருக்கு” என்று நோட்டை மூடிவிட்டு முதலாளியிடம் கேட்டு வருவார். அந்தப் பதினோரு நாளும் தட்டச்சில் போனதாகத்தான் அப்போது நினைத்தேன். உண்மையில் அது சரிபார்ப்பு நடந்த காலம். ஒவ்வொரு வரியும் கடையை அறிந்த ஒருவரின் கண் வழியாகப் போய்த்தான் கணினிக்குள் விழுந்தது.

இன்று அதே வேலை எக்செல் தாளில் வருகிறது. தாளை சிஎஸ்வியாகச் சேமித்து, ‘இறக்குமதி’ பொத்தானை அமுக்கினால் சில விநாடிகளில் முடிகிறது. கணக்குப்பிள்ளையின் கண் அங்கே இல்லை. அந்தக் கண் செய்த வேலையை நாம் விதிகளாக எழுதி வைக்காவிட்டால், அதை வேறு யாரும் செய்யப் போவதில்லை.

அன்று தமிழ் எப்படி உள்ளே போனது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பாமினி போன்ற எழுத்துருக்களில் திரை தமிழைக் காட்டும். கோப்பில் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரையில் ‘துவரம் பருப்பு’ என்று தெரியும் பொருளின் பெயர் கோப்புக்குள் இப்படித்தான் கிடக்கும்:

```
Jtuk; gUg;G
```

அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இதுதான் கண்ணில் படும். ஆளுக்கொரு எழுத்துரு, அதற்கொரு குறியீடு என்றிருந்த குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளைத் தரப்படுத்தியது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். விண்டோஸ் 2000 தமிழ் யூனிகோடைத் தாங்கியது. அப்படியும் கடைகளின் பழைய கோப்புகள் பாமினியிலேயே தங்கிவிட்டன. அவற்றில் பல இன்றும் நம் கைக்கு வருகின்றன.

இன்றைய நிலைக்கு ஒரு கடையையே எடுத்துக்கொள்வோம். மதுரையில் அண்ணாச்சி ஒருவரின் மொத்த விற்பனைக் கடை. அவர் மகன் தாளை அனுப்பினார், 1,860 வரி. முதல் முறை ஏற்றியபோது “1,860 பொருள்கள் ஏற்றப்பட்டன” என்று மென்பொருள் சொன்னது. மறுநாள் காலை முதல் பில்லில் துவரம் பருப்பு இப்படி அச்சானது:

```
?????? ???????
```

எண்ணிப் பாருங்கள். ‘துவரம்’ நம் கணக்கில் நான்கு எழுத்து, இங்கே ஆறு கேள்விக்குறி. ‘து’வில் தகரமும் உகரக் குறியும் தனித்தனி, ‘ம்’மில் மகரமும் புள்ளியும் தனித்தனி. கணினி அவற்றை ஆறு குறிகளாகத்தான் வைத்திருந்தது. எக்செலில் `CSV (Comma delimited)` என்ற வகையில் சேமித்ததுதான் தவறு. அந்த வகை விண்டோஸின் பழைய ஆங்கிலக் குறியீட்டில் எழுதும். அதில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். போட்டபின் மூல எழுத்து கோப்பில் இல்லை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மூலத் தாளுக்குத் திரும்பி, பட்டியலில் சற்றுத் தள்ளி இருக்கும் `CSV UTF-8 (Comma delimited)` என்பதைத் தேர்ந்து மறுபடி சேமிக்க வேண்டும். எக்செல் 2016 முதல் இந்த வகை இருக்கிறது.

கேள்விக்குறி வேறு, `à®ªà®°` என்று தெரியும் கோளாறு வேறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் உண்டு. அந்த மூன்றையும் தனித்தனி ஆங்கில எழுத்தாகப் படித்தால் இந்த உளறல் வரும். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, திறந்த விதம்தான் தவறு. அதே நிலையில் சேமித்துவிடாமல் மூடிவிட்டு, யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

“கோப்பு யூடிஎஃப்-8 தானா?” என்று மட்டும் சோதித்தால் போதாது என்பதை அந்தக் கடையில்தான் கற்றேன். கேள்விக்குறியும் சரியான யூடிஎஃப்-8 தான். பாமினியின் `Jtuk; gUg;G` என்பதும் சரியான யூடிஎஃப்-8 தான். இரண்டும் சோதனையில் தேறிவிடும். ஆகவே தமிழ்ப் பெயர் நெடுவரிசையில் உள்ளடக்கத்தையே பார்க்க வேண்டும்: U+0B80 முதல் U+0BFF வரையிலான தமிழ்ப் பகுதியிலிருந்து ஓர் எழுத்தாவது இருக்கிறதா, கேள்விக்குறிகள் அடுத்தடுத்து வருகின்றனவா என்று. இந்த இரண்டு வரி விதி இருந்திருந்தால் முதல் ஏற்றம் வாசலிலேயே நின்றிருக்கும்.

இரண்டாம் முறை தமிழ் சரியாக வந்தது. அடுத்து எண்கள். எக்செல் எதைப் பார்த்தாலும் அது எண்ணா, தேதியா என்று தானே முடிவு கட்டும். துவரம் பருப்பின் எச்எஸ்என் குறியீடு 0713. தாளில் அது 713 ஆகியிருந்தது. அரை கிலோவுக்கு 1/2 என்று தட்டிய இடமெல்லாம் `01-Feb` ஆகியிருந்தது. சோப்பின் பார்கோடு 13 இலக்கம், அது `8.90123E+12` என்று சுருங்கியிருந்தது.

இவற்றில் முதலாவதை மட்டும் கண்டுபிடித்துத் திருத்தலாம். எச்எஸ்என் நான்கு, ஆறு, எட்டு இலக்கங்களில் எழுதப்படுவது. மூன்றோ ஐந்தோ ஏழோ இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் போயிருக்கிறது என்று பொருள். மற்ற இரண்டும் ஊகத்துக்கு உரியவை அல்ல. பார்கோட்டின் கடைசி இலக்கம் மற்ற பன்னிரண்டையும் சரிபார்க்கவே வைக்கப்பட்டது. இடமிருந்து ஒன்று, மூன்று என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் அந்த இலக்கம் வர வேண்டும். 8901234567890 என்ற எண்ணில் முதல் பன்னிரண்டின் கூட்டு 130. அது பத்தின் மடங்காகவே இருப்பதால் கடைசி இலக்கம் பூஜ்யம். பொருந்துகிறது. சுருங்கிய எண்ணில் இந்தக் கணக்கைப் போடவே வழியில்லை, பொட்டலத்தை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியதுதான்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒரே நிறுவனத்தின் பார்கோடுகள் முதல் சில இலக்கங்களில் ஒன்றாகவே இருக்கும். சுருங்கியபின் அந்த நிறுவனத்தின் சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாவற்றுக்கும் ஒரே `8.90123E+12`. இந்த நிலையில் இரட்டிப்பைத் தேடினால், மென்பொருள் அத்தனையையும் ஒரே பொருளாகக் கருதி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். எனவே வரிசை முக்கியம்: முதலில் எழுத்து, அடுத்து மதிப்பு, அதற்கும் பிறகுதான் இரட்டிப்பு.

இரட்டிப்பில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அண்ணாச்சியின் பட்டியலில் ‘கொண்டைக்கடலை’ இரண்டு முறை வந்தது. கண்ணுக்கு ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை, கணினியோ இரண்டும் வேறு என்றது. நீளத்தை அளந்தேன். ஒன்றில் 12 குறி, மற்றதில் 13. ஒன்றில் ‘கொ’வின் ஒகரக் குறி ஒரே துண்டு, மற்றதில் கொம்பும் காலும் தனித்தனி. பழைய பாமினி கோப்பை மாற்றிய கருவி அவற்றைப் பிரித்தே வைத்திருந்தது. யூனிகோடின் என்எஃப்சி என்ற சீராக்கம் இதை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘ஸ்ரீ’யில் அது கைகொடுக்காது. அதைச் ‘ஸ’ கொண்டும் எழுதலாம், ‘ஶ’ கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். அதை நாமே ஒன்றாக்க வேண்டும். நான் ஒப்பிடுவதற்கு மட்டும் இப்படி ஒரு சாவியை உண்டாக்குகிறேன்:

```python
import unicodedata

def key(name):
    for c in ("\u200b", "\u200c", "\u200d"):
        name = name.replace(c, "")
    s = unicodedata.normalize("NFC", name)
    s = s.replace("ஶ்ரீ", "ஸ்ரீ")
    return " ".join(s.split()).casefold()
```

கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் முதலில் போகின்றன, ஏனென்றால் கொம்புக்கும் காலுக்கும் நடுவே அவை நின்றால் சீராக்கம் சேர்க்காது. கோப்பைத் திறக்கும்போது `encoding="utf-8-sig"` என்று கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காவிட்டால், எக்செல் கோப்பின் தலையில் வைக்கும் மறைவான அடையாளம் முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு “அந்த நெடுவரிசையே இல்லை” என்று நிரல் சாதிக்கும்.

சாவி ஒன்றானால் பொருளும் ஒன்று என்று அவசரப்படவும் கூடாது. ஒரே துவரம் பருப்பு அரை கிலோவும் ஒரு கிலோவும் இரண்டு பொருள், ஆகவே பெயரோடு அளவும் சேர வேண்டும். ஒரே பார்கோடு இரண்டு எம்ஆர்பியோடு வந்தால் பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே அலமாரியில் இருக்கலாம், தவறாகவே இருக்க வேண்டியதில்லை. ‘உளுத்தம் பருப்பு’, ‘உளுந்தம் பருப்பு’ இரண்டும் ஒன்றென்று எந்தச் சீராக்கமும் சொல்லாது. அன்று கணக்குப்பிள்ளை சொன்னார். இன்று இப்படிப்பட்டவற்றை ஐயப் பட்டியலில் போட்டுக் கடைக்காரரிடம் கொடுக்கிறேன்.

அந்த 1,860 வரிகளை மூன்றாம் முறை எதையும் சேமிக்காமல் வெள்ளோட்டம் விட்டேன். 1,702 வரி தேறியது. 97 வரி பிழையோடு நின்றது. ஒவ்வொன்றுக்கும் நேரே வரி எண்ணும் காரணமும்: “வரி 214, பார்கோடு சுருங்கியுள்ளது”, “வரி 655, விற்பனை விலை எம்ஆர்பியைவிட அதிகம்”. 61 வரி ஐயம். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த 61-ஐயும் ஒரு மாலையில் முடித்தார். “இது ரெண்டும் ஒண்ணு. இது வேற கம்பெனி. இதை நாம இப்ப விக்கிறதே இல்ல” என்று பேனாவால் கோடு போட்டபடியே சொன்னார். பிழையான 97-ஐ மகன் பொட்டலங்களைப் பார்த்துத் திருத்தினார். அதன் பிறகே எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஏற்றினோம். நடுவில் ஒன்று தவறினால் முழுவதும் பின்வாங்கும்படி வைத்திருந்ததால் பாதிப் பட்டியல் உள்ளே போய்ச் சிக்கும் பயம் இல்லை.

பதினோரு நாள் இரண்டு நாளாகச் சுருங்கியது. சில விநாடியில் முடிந்த முதல் ஏற்றம் ஒரு நாள் வியாபாரத்தைக் கெடுத்தது, இந்த இரண்டு நாள் எதையும் கெடுக்கவில்லை. உங்கள் கடைப் பட்டியலை ஏற்றித் தருபவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: எத்தனை வரி ஏறியது என்பதை விடுங்கள், எத்தனை வரி நின்றது, ஏன் நின்றது என்ற பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு பட்டியலே இல்லை என்றால், உங்கள் சரக்கை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.