குறைந்த வடிவம், மிகுந்த விளைபொருள்

டிரோப்பேன் மூலக்கூற்றில் நைட்ரசன் மீதுள்ள மெத்தில் இரு நிலைகளில் அமையலாம்; இவ்வடிவங்கள் மிக விரைவாக ஒன்று மற்றொன்றாகின்றன. கார்பன்-13 கொண்ட மெத்தில் அயொடைடுடன் வினைப்படுத்துங்கால், குறைவாயுள்ள வடிவத்தினின்றே மிகுதியான விளைபொருள் தோன்றுகிறது.

கணக்கிற்காக, வடிவங்கள் 95:5 என்றும், சிறுபான்மை வடிவம் நூறு மடங்கு விரைவாக வினைபுரிவதென்றும் கொள்வோம். விளைபொருள் 95:500, அதாவது ஏறக்குறைய 16:84 ஆகும். செலவாகும் வடிவம் உடனுக்குடன் மற்றதிலிருந்து ஈடுசெய்யப்படுவதால் 5 என்னும் பங்கு குன்றுவதில்லை.

சிறுபான்மை வடிவத்தின் ஆற்றல் உயர்வு அதன் பங்கைக் குறைக்கிறது. அதே அளவுக்கு ஏறவேண்டிய உயரத்தையும் குறைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நீக்க, இரு மாறுநிலைகளின் ஆற்றல் வேறுபாடே எஞ்சுகிறது. மேற்கண்ட கணக்கில் அது 25° செ. வெப்பநிலையில் சுமார் 1 கிலோகலோரி.

வடிவமாற்றத்தை வினை முந்திவிட்டால் இவ்விதி செல்லாது. வலிய அமிலத்தில் புரோட்டான் கணத்தில் சேர்ந்துவிடுவதால், அங்கே விளைபொருள் வடிவங்களின் பங்கையே காட்டும்.