ஒரே கடை, மூன்று பெயர்கள்

ஒரு நிறுவனம் சரக்கு வாங்கும் கடையின் பெயர் ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அச்சடித்த பில்லில் SRI MURUGAN TRADERS என்று இருக்கிறது. கையால் எழுதிய பில்லில் Shree Murugan Trdrs. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தைப் படித்த மென்பொருளோ 5RI MURUGAN TRADERS என்று எடுத்துத் தருகிறது.

மூன்றையும் மூன்று சப்ளையர்களாகப் பதிந்துவிட்டால் சிக்கல்தான். 48,600 ரூபாய்க்கான 417-ஆம் எண் பில் முதலில் காகிதமாகவும் பிறகு படமாகவும் வருகிறது. ஒரே சப்ளையரிடமிருந்து ஒரே பில் எண் மறுபடி வந்தால்தான் கணினி எச்சரிக்கும். இங்கே சப்ளையர் வேறு என்று பதிவாகியிருப்பதால் பணம் இரண்டு தடவை போய்விடும்.

இதைத் தடுக்கப் பெயரை விட்டுவிட்டு ஜிஎஸ்டி எண்ணை முதலில் பார்க்க வேண்டும். அதில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வணிகரின் பான் எண். கடைசி இடம், முந்தைய 14 இடங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. மென்பொருள் பூஜ்யத்தை ‘ஓ’ என்று படித்தால் அந்தக் கணக்கு உதைக்கும். எண் பொருந்திவிட்டால், பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் கவலையில்லை. ஆனால், பில்லில் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும். மென்பொருள் அதை எடுத்துவிடாதபடி, நம்முடைய எண்ணை முதலிலேயே விலக்கிவிட வேண்டும்.

ஜிஎஸ்டியில் பதியாத சிறு கடைகளுக்குத்தான் பெயர் ஒப்பீடு தேவை. M/s போன்ற முன்னொட்டையும் புள்ளிகளையும் நீக்கி, Sri, Sree, Shree மூன்றையும் ஒன்றாக்கி, மிச்சத்தில் எத்தனை எழுத்து மாறுகிறது என்று பார்க்கிறார்கள். Traders, Trdrs இரண்டுக்கும் இரண்டெழுத்துதான் வித்தியாசம். அதனால் மட்டும் இரண்டும் ஒரே கடையாகிவிடாது. ஈரோட்டிலும் சேலத்திலும் இதே பெயரில் வெவ்வேறு உரிமையாளர்கள் கடை நடத்தலாம். அவர்களை ஒன்றாக இணைத்தால் ஒருவருக்குச் சேர வேண்டிய பணம் இன்னொருவருக்குப் போகும். ஆகவே முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று கணக்கர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதலானதும் புது எழுத்துக்கூட்டலை அந்த சப்ளையரின் மாற்றுப் பெயராகச் சேமித்துவிட்டால், அடுத்த பில் தானாகவே சரியான இடத்துக்குப் போகும். பில்லில் புதிதாக வேறு வங்கிக் கணக்கு தென்பட்டால் மட்டும் அதைத் தானாக ஏற்கக் கூடாது. பழைய தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மோசடி பில்கள் இந்த வழியாகவும் நுழைகின்றன.

ஏற்கெனவே இரட்டிப்பான பதிவுகளைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. சப்ளையர் பட்டியலை வங்கிக் கணக்கு எண் வரிசையில் அடுக்குங்கள். ஒரே கணக்கு எண் இரண்டு பெயர்களுக்கு எதிரே வந்தால், அந்த இரண்டு பெயர்களிலும் கொடுத்த பணத்தை பில் எண் வாரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.