ஒரு குண்டிக்காயில் மூன்று சுவர்கள்

கீழ்பென்னாத்தூரில் பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளிடம் எளிய எபிதீலியம் பற்றிக் கேட்டால் தட்டை, கனசதுரம், தூண் என்று மூன்று பெயர்களும் உடனே வரும். நோட்டில் மூன்று படங்களும் இருக்கும். தட்டைக்கு நுரையீரல், கனசதுரத்துக்குச் சிறுநீரகம், தூணுக்குக் குடல் என்று ஆளுக்கு ஓர் உறுப்பு ஒதுக்கியிருப்பார்கள். தேர்வுக்கு இது போதும். ஆனால் இந்த மூன்றையும் பார்க்க மூன்று உறுப்புகள் வேண்டியதில்லை. கறிக்கடையில் குண்டிக்காய் என்றும் கிட்னி என்றும் கேட்டு வாங்குகிறோமே, அந்த ஒற்றை உறுப்புக்குள்ளேயே மூன்றும் இருக்கின்றன. சிறுநீர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே போனால் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

எபிதீலியம் என்பது உறுப்பின் மேற்பரப்பையும் குழாய்களின் உள்சுவரையும் போர்த்தியிருக்கும் செல் படலம். அது ஒரே வரிசைச் செல்களால் ஆகி, எல்லாச் செல்லும் அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தால் எளிய எபிதீலியம்.

ஆட்டுச் சிறுநீரகத்தை நீளவாக்கில் பிளந்தால் வெளிப்பக்கம் கருஞ்சிவப்பான புறணி, உள்ளே சற்று வெளிறிய அகணி, நடுவில் சிறுநீர் வந்து விழும் குழி. புறணியிலிருந்து குழி வரைக்கும் சேர்த்து, சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு எடுத்து ஃபார்மலினில் போட வேண்டும். ஆடு அறுத்ததும் போட்டால்தான் நல்லது. மதியம் வரை வெயிலில் தொங்கிய உறுப்பில் செல்கள் தம்மைத் தாமே செரித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். பிறகு ஆல்கஹாலில் நீரை எடுத்து, சைலீனில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் நான்கைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவுவார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். சீவியதற்கு இரண்டு சாயம்: ஹெமடாக்சிலின் உட்கருவை நீலமாக்கும், ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும்.

இந்த ஸ்லைடை முதன்முதலில் பார்ப்பவர் செல்லின் ஓரக்கோட்டைத் தேடுவார். அது பெரும்பாலும் தெரியாது. தெரிவது உட்கருதான், அதுவே போதும். செல் எந்த வடிவமோ உட்கருவும் ஏறக்குறைய அந்த வடிவத்தில் இருக்கும். தட்டைச் செல்லில் அது நசுங்கிய கோடு. கனசதுரச் செல்லில் நடுவில் உருண்டை. தூண் செல்லில் நீண்ட முட்டை வடிவம், அதுவும் பெரும்பாலும் அடிப்பக்கமாக வரிசை கட்டி நிற்கும்.

பத்து மடங்கு லென்ஸில் புறணியைப் பார்த்தால் அங்கங்கே உருண்டையான முடிச்சுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கிளாமருலஸ், அதாவது இரத்த நுண்குழாய்களின் சுருள். அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு சிறு இடைவெளி, அந்த இடைவெளிக்கு வெளியே வட்டமாக ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடுதான் பௌமானின் கிண்ணத்தின் வெளிச்சுவர். நாற்பது மடங்கு லென்ஸுக்கு மாறினால், கோட்டின் மீது தூரத்துக்கு ஒன்றாக நீல நிறத்தில் மெல்லிய வீக்கங்கள் தெரியும். அவை உட்கருக்கள், சுவர் எளிய தட்டை எபிதீலியம். ஆஃபாயிலைப் பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளை படிந்து மஞ்சள் மட்டும் எழும்பி நிற்கும் அல்லவா, அதே தோற்றம். வடிகட்டிய திரவத்தைச் சிந்தாமல் பிடித்துக் குழாய்க்குள் அனுப்புவதுதான் இந்தச் சுவரின் முக்கிய வேலை. அதற்குக் கனமான செல் தேவையில்லை.

கிண்ணத்தை விட்டு வெளியே வந்ததும் காட்சி மாறுகிறது. புறணியை நிறைத்திருப்பவை குழாய்களின் குறுக்குவெட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை அடர்ந்த இளஞ்சிவப்பாக, நடுத்துளை கலங்கி, ஒரு வட்டத்தில் மூன்று நான்கு உட்கருக்களோடு மட்டும் இருக்கும். இது அண்மைச் சுருண்ட நுண்குழல். மனிதரின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதியில் பெரும்பங்கு, வடிகட்டியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இந்த நுண்குழலிலேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது. உப்பை இழுக்க ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு மைட்டோகாண்ட்ரியா வேண்டும், அத்தனையையும் அடைக்கச் செல்லில் இடம் வேண்டும். அதனால்தான் தட்டையாக இருந்தது இங்கே கனசதுரமாக எழும்புகிறது. அடர்ந்த இளஞ்சிவப்புக்கும் அந்த மைட்டோகாண்ட்ரியாதான் காரணம். நடுத்துளை கலங்கித் தெரிவது செல்லின் உச்சியில் நெருக்கமாக நிற்கும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகளால். தூரிகை விளிம்பு என்று இதைச் சொல்கிறார்கள். கெட்டுப்போன துண்டில் முதலில் சிதைவது இந்த விளிம்புதான்.

அதன் பக்கத்திலேயே வெளிர் நிறத்தில், துளை பளிச்சென்று, உட்கருக்கள் நெருக்கமாக உள்ள வட்டங்கள் சில கிடைக்கும். அவை சேய்மைச் சுருண்ட நுண்குழல்கள். அவையும் கனசதுரம்தான், ஆனால் தூரிகை விளிம்பு கிடையாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறானால் முகமும் வேறு என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அகணிக்கு இறங்கினால் மறுபடி தட்டை. ஹென்லே வளைவின் மெல்லிய பகுதி அது. இங்கேதான் தவறு நடக்கும். அதை ஒட்டியே இரத்த நுண்குழாய்கள் ஓடுகின்றன, அவற்றின் சுவரும் எளிய தட்டை எபிதீலியமே. பிரித்தறிய இரண்டு அடையாளங்கள்: உள்ளே சிவப்பணு இருந்தால் அது இரத்தக் குழாய். வெறுமையாக இருந்து, உட்கருக்கள் சற்றே தடித்துத் துளைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் ஹென்லே வளைவு. சிவப்பணுவை அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம், மனிதனுக்கு அது ஏழெட்டு மைக்ரான் குறுக்களவு. ஆட்டு ஸ்லைடில் அந்தக் கணக்கைப் போட்டுவிடக் கூடாது. ஆட்டின் சிவப்பணு மூன்று நான்கு மைக்ரான்தான்.

கடைசியில் சேகரிக்கும் நாளங்கள். புறணியில் இவை கனசதுரம். அகணியில் இறங்க இறங்கச் செல்கள் உயர்ந்துகொண்டே போய், குழியை எட்டும் இடத்தில் நல்ல தூண்களாகிவிடுகின்றன. இந்தச் செல்களில் மட்டும் ஓரக்கோடுகள் தெளிவாகத் தெரியும். கனசதுரம் முடிந்து தூண் தொடங்கும் இடம் இதுதான் என்று ஊசி குத்திக் காட்ட முடியாது. உயரமும் அகலமும் சமம் என்றால் கனசதுரம், உயரம் தெளிவாக மிஞ்சினால் தூண். இடைப்பட்டதைத் தாழ்ந்த தூண் என்று எழுதிவிட்டுப் போவார்கள். பாடப்புத்தகப் படங்கள் இந்த நெகிழ்வை மறைத்துவிடுகின்றன என்பது என் குறை.

உடலின் மற்ற இடங்களுக்கும் இதே தர்க்கம்தான். நுரையீரலின் காற்றறைகளில் ஆக்சிஜன் சும்மா கசிந்து போக வேண்டும். அங்குள்ள தட்டைச் செல் சில இடங்களில் 0.2 மைக்ரான் அளவுக்கு மெலிந்திருக்கிறது. சாதாரண நுண்ணோக்கியின் பார்வை எல்லையே அவ்வளவுதான். இரத்தக் குழாய், இதயத்தின் உட்புறம், வயிற்றறையின் உறை எல்லாம் இந்த வகை. தைராய்டு, சினைப்பையின் மேற்பரப்பு ஆகியவற்றில் கனசதுரம். தைராய்டு சோம்பிக் கிடந்தால் அதன் செல்கள் தாழ்ந்து தட்டையாகின்றன, முடுக்கிவிட்டால் தூணாக உயர்கின்றன. இரைப்பையிலிருந்து மலக்குடல் வரை, பித்தப்பையிலும், தூண். சிறுகுடலில் அவற்றுக்கிடையே சளி சுரக்கும் கோப்பை செல்கள் வெள்ளைக் குமிழிகளாகத் தெரியும். கருமுட்டைக் குழாயில் தூண்களின் தலையில் குறுஇழைகள் அசைந்து கருமுட்டையை நகர்த்தும். தூணைப் பார்க்கலாம் என்று கறிக்கடையில், துவாலை மாதிரி மொசுமொசுவென்றிருக்கும் ஆட்டு வயிற்றை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அது அசைபோடும் விலங்கின் வயிற்றில் முதல் அறை. அதன் உட்புறம் பல அடுக்குத் தட்டை எபிதீலியம்.

வெட்டும் நம்மை ஏமாற்றும். குழாயைச் சாய்வாகச் சீவினால் ஒரு வரிசைச் செல்களே நான்கு வரிசைபோல் அடுக்கித் தெரியும். அதே வட்டத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டி, சுவர் மிக மெல்லியதாகத் தெரியும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அங்கேதான் கத்தி நேராக இறங்கியிருக்கும்.

மனிதச் சிறுநீரகத்தில் இந்த வடிவங்கள் இடம் மாறித் தெரிந்தால் அது நோய். கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரம் நிலக்கடலையும் நெல்லும் விளையும் பூமி, கண்ணாடி விரியனும் அங்கேயே திரியும். அது கடித்தவர்களில் சிலருக்கு இரத்த உறைவு குலைந்து, இரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீர் நின்றுபோகிறது. ஆக்சிஜன் அதிகம் கேட்கும் அண்மை நுண்குழல்தான் முதலில் அடிபடும். டயாலிசிஸ் செய்தும் சில வாரங்களில் சிறுநீர் திரும்பவில்லை என்றால், முதுகு வழியாக ஊசி செலுத்தி, நூல் போன்ற ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

அந்த ஸ்லைடில் கிளாமருலஸின் பக்கத்திலேயே, துளை அகன்று, சுவர் மெலிந்து, உட்கருக்கள் நசுங்கிய வட்டங்கள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். வடிவத்தை மட்டும் பார்த்தால் ஹென்லே வளைவு என்று சொல்லத் தோன்றும். ஆனால் மெல்லிய வளைவுக்குக் கிளாமருலஸின் அருகில் இடமில்லை. இவை அண்மை நுண்குழல்களேதான். செத்த செல்கள் உதிர்ந்துவிட்டன. தப்பியவை வெறுமையான அடித்தளச் சவ்வை மூடத் தம்மை இழுத்துப் பரப்பித் தட்டையாகியிருக்கின்றன. தூரிகை விளிம்பை அடர்சிவப்பாகக் காட்டும் பி.ஏ.எஸ். சாயத்தை ஏற்றினால் விளிம்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். இரண்டாகப் பிரியும் உட்கரு ஒன்றிரண்டு கண்ணில் பட்டால், அந்தச் செல்கள் பெருகத் தொடங்கிவிட்டன என்று பொருள். பெருகி நெருங்க நெருங்க அவை மறுபடி எழும்பிக் கனசதுரமாகும், சிறுநீரும் திரும்பும்.

மருத்துவர்கள் அஞ்சுவது வேறொரு தோற்றத்துக்கு. நுண்குழல்களின் வட்டம் அப்படியே இருக்கும், செல்லின் உயரமும் ஓரளவு இருக்கும், ஆனால் நீலப் புள்ளி ஒன்றுகூட இருக்காது. கிளாமருலஸும் அதே கதியில் வெளிறிக் கிடக்கும். புறணியே மடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அந்த இடத்தில் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. அது எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான், டயாலிசிஸ் சில வாரத்துக்கா ஆயுளுக்குமா என்று குடும்பத்தாரிடம் சொல்வார்கள்.