ஐந்து பத்திகளில் ஏமாறும் அறிவுக் கிடங்கு

அலுவலகத்தின் விதிமுறைகள், சுற்றறிக்கைகள், ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஒரு ஏஐ தேடலுக்குள் போட்டுவிட்டு, "இனி கேட்டால் அதுவே பதில் சொல்லும்" என்று நிம்மதியாக இருக்கும் நிறுவனங்கள் இன்று ஏராளம். அந்தக் கிடங்குக்குள் யாராவது ஒரு பொய்யான கோப்பைச் சொருகினால் என்ன ஆகும்? பென்சில்வேனியா ஸ்டேட், இல்லினாய்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2024-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 'பாய்சன்ட்ராக்' என்று பெயர் வைத்தார்கள். இருபத்தாறு லட்சத்துக்கும் மேற்பட்ட விக்கிப்பீடியா பத்திகள் கொண்ட ஒரு கிடங்கில், ஒரு கேள்விக்கு ஐந்தே ஐந்து விஷப் பத்திகளைச் சேர்த்தார்கள். சுமார் 90 சதவீதம் தடவை, அவர்கள் விரும்பிய தவறான பதிலையே ஏஐ சொன்னது.

இத்தனை லட்சத்தில் ஐந்து எப்படி ஜெயிக்கிறது? இந்தத் தேடல் முழுக் கிடங்கையும் படிப்பதில்லை. ஆவணங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்களின் வரிசையாக மாற்றி வைத்திருக்கும். நீங்கள் கேட்ட கேள்வியும் அப்படியே எண்களாகும். இரண்டும் நெருங்கி வரும் முதல் நாலைந்து துண்டுகள் மட்டும்தான் ஏஐயின் கைக்குப் போகும். ஆகவே ஏமாற்றுக்காரர் கிடங்கோடு மோத வேண்டியதில்லை. அந்த முதல் ஐந்து இடங்களைப் பிடித்தால் போதும்.

விஷப் பத்திக்கு இரண்டு பாகம் உண்டு. முதல் பாகம் தேடலுக்காக, இரண்டாவது ஏஐக்காக. ஒரு கற்பனை உதாரணம்: கணக்குப் பிரிவு ஊழியர் தினமும் கேட்கும் கேள்வி, "காகித சப்ளையருக்கு எந்த வங்கிக் கணக்கில் பணம் அனுப்ப வேண்டும்?" விஷப் பத்தி இதே கேள்வியை வரி மாறாமல் தலைப்பில் வைத்திருக்கும். கேள்விக்குக் கேள்வியைவிட நெருக்கமானது எது? முதலிடம் உறுதி. அதன் கீழே, "இந்த மாதம் முதல் கணக்கு மாறியுள்ளது, புதிய எண் இது" என்று நல்ல இலக்கணத்தில் ஒரு பொய். ஆய்வாளர்கள் முதல் பாகத்துக்குப் பெரிய கணக்கெல்லாம் போடாமல், கேள்வியை அப்படியே ஒட்டியும் வென்றார்கள்.

எழுத்து நடையை வைத்துப் பிடிக்கலாமே என்று தோன்றும். முடியவில்லை. பொய்யை எழுதியதும் ஒரு மொழி மாதிரிதான் என்பதால் நடை சரளமாகவே இருந்தது. ஐந்தும் வெவ்வேறு வாசகங்களில் இருந்ததால் நகல்களை நீக்கும் வடிகட்டியிலும் சிக்கவில்லை.

ஆகவே காவல் இண்டெக்ஸ் செய்வதற்கு முந்தைய வாசலில்தான். முதல் வேலை, கோப்பை மனிதர் பார்ப்பது போலவும் இயந்திரம் பார்ப்பது போலவும் இரண்டு முறை பார்ப்பது. 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது: 14 கல்வி நிறுவனங்களிலிருந்து வந்த 17 ஆய்வுக் கட்டுரைகளில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து போன்ற தந்திரங்களால், 'நல்ல மதிப்புரை மட்டும் எழுது' என்ற தோரணையில் ஏஐக்கான கட்டளைகள் ஒளிந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாது, பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவும் மென்பொருளுக்குத் தெரியும். இதைப் பிடிக்க, பக்கத்தைப் படமாக்கி, அந்தப் படத்தை ஓசிஆரில் படித்து, உருவிய எழுத்தோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத வரி உருவியதில் இருந்தால் கோப்பு நிறுத்தப்படும்.

கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு எழுத்துகளையும் தேட வேண்டும். இங்கே தமிழ்க் கோப்புகளுக்கு ஒரு சங்கடம். `U+E0000` முதல் `U+E007F` வரையிலானவை ஒரு சுற்றறிக்கையில் இருக்க நியாயமே இல்லை. ஆனால் `U+200C` அப்படியல்ல. 'க்', 'ஷ' இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் பிரிக்க நம் தட்டச்சில் அது நேர்மையாகவே வரும். அதைக் கண்டதும் நிராகரிக்கும் கருவி, நல்ல தமிழ்க் கோப்புகளைத் துரத்திவிடும்.

இரண்டாவது, ஒத்திகை. பணம், கணக்கு எண், மருந்தளவு, கடவுச்சொல் மாற்றம் என்று தவறினால் அடி விழும் கேள்விகளைப் பட்டியலிட்டு, புதிய கோப்பை முதலில் ஒரு தனி இண்டெக்ஸில் ஏற்றி அவற்றைக் கேட்க வேண்டும். நேற்றுவரை ஒப்பந்தம் நின்ற முதலிடத்தில் இன்று முகம் தெரியாத கோப்பு நின்று, வேறு எண்ணைச் சொன்னால், சப்ளையரைப் பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கோப்பிலேயே தந்திருக்கும் எண்ணில் அல்ல.

அனுமதித்த கோப்பின் ஹாஷைக் குறித்து வைத்து, ஏற்றும்போது மறுபடி ஒப்பிடுவது, இடையில் யாரும் திருத்தவில்லை என்பதைக் காட்டும். அனுமதித்தவரே ஏமாந்திருந்தால் ஹாஷ் உதவாது. அதற்காகத்தான் ஒவ்வொரு துண்டிலும் மூலக் கோப்பின் அடையாளம், ஏற்றியவர், தேதி மூன்றும் ஒட்டியிருக்க வேண்டும். இருந்தால் ஒரே கட்டளையில் அந்தக் கோப்பின் துண்டுகள் அத்தனையையும் நீக்கலாம். யாருக்கெல்லாம் அந்தப் பதில் போனது என்று பதிவேட்டில் தேடலாம். இல்லாவிட்டால் இண்டெக்ஸ் முழுவதையும் புதிதாகக் கட்டுவதுதான் வழி.